கும்பகோணத்தில் வீட்டுக்கே மருந்து

தாராசுரம், சுவாமிமலை, பட்டீஸ்வரம் வரை வருகிறோம். காலை 9 முதல் இரவு 8 வரை; ஞாயிறு மதியம் 1 மணி வரைதான். குறைந்தது 300 ரூபாய்க்கு வாங்கணும், டெலிவரிக்குத் தனிக் காசு இல்லை.

மருந்துச் சீட்டை மடிப்பு நீவி, வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. டாக்டர் பெயர், பதிவு எண், கையெழுத்து, தேதி, நோயாளி பெயர் எல்லாம் தெரியணும். மடிப்பில் மில்லிகிராம் மறைஞ்சிருந்தா ஊகிச்சுக் கொடுக்க மாட்டோம், திரும்பக் கேட்போம். பாதி தாமதம் அதனாலதான். காலி அட்டைப் படம் மட்டும் போதாது. அசல் சீட்டை டெலிவரி தம்பியிடம் காட்டுங்க.

இன்சுலின் ஐஸ் பேக்கோடு வரும், வாங்க வீட்டில் ஆள் இருக்கணும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்க டாக்டரிடமே கேளுங்க.