கைப்பிடி மேடையுள்ள 5 படி அலுமினிய மடிப்பு ஏணி: நிற்கும் உயரம் 1.17 மீ, வேலை உயரம் 3.17 மீ, தாங்கும் எடை 150 கிலோ

நான்கு படிகளும் அவற்றின் மேல் ஐந்தாம் படியாக ஒரு நிற்கும் மேடையும் கொண்ட வீட்டு உபயோக ஏணி இது. விரித்தால் தானே நிற்கும், சுவரில் சாய்க்க வேண்டியதில்லை. பல்பு மாற்ற, திரைச்சீலைக் கம்பி பொருத்த, பரணிலிருந்து பெட்டி இறக்க, சுவரின் மேல் பகுதிக்குப் பெயின்ட் அடிக்க ஏற்றது. முழுதாகப் பொருத்திய நிலையிலேயே பெட்டியில் வருகிறது, திருகாணி எதையும் முடுக்க வேண்டாம்.

அளவுகள்

நிற்கும் மேடை வரை: 117 செ.மீ
கைப்பிடியின் உச்சி வரை: 177 செ.மீ
வேலை உயரம்: சுமார் 3.17 மீட்டர்
விரித்த நிலையில் தரையில் பிடிக்கும் இடம்: 98 செ.மீ நீளம், 51 செ.மீ அகலம்
மடித்த நிலை: 187 செ.மீ உயரம், 51 செ.மீ அகலம், 14 செ.மீ தடிமன்
மேடை: 26 × 30 செ.மீ
படியின் ஆழம்: 8 செ.மீ
ஏணியின் எடை: 6.4 கிலோ
தாங்கும் எடை: 150 கிலோ

வேலை உயரம் எப்படிக் கணக்கிடப்பட்டது

3.17 மீட்டர் என்பது ஏணியின் உயரம் அல்ல. நிற்கும் மேடையின் உயரமான 117 செ.மீ-யுடன், சராசரி உயரமுள்ள ஒருவர் கையை உயர்த்தி வசதியாக வேலை செய்யும் 2 மீட்டரைக் கூட்டிய கணக்கு. உங்கள் உயரம் 155 செ.மீ என்றால் 15 செ.மீ வரை கழித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு மேல் ஏறி நிற்பதாக வைத்து எந்தக் கணக்கும் போடப்படவில்லை. கைப்பிடி பிடித்துக்கொள்ளவும் முழங்காலுக்கு மேல் தொடையைச் சாய்த்துக்கொள்ளவும் மட்டும்தான். அதில் உட்காரவோ மிதித்து ஏறவோ கூடாது.

கூரை உயரத்தை அளந்துவிட்டு வாங்குவது நல்லது. படிகளுக்கு இடையே 23.4 செ.மீ இடைவெளி என்பதால், 2.4 மீட்டர் கூரையுள்ள அறையில் மேடை மேல் நிமிர்ந்து நிற்க முடியாது. மிச்சம் 123 செ.மீ-தான் இருக்கும். மூன்றாம் படியில் (70 செ.மீ) நின்றால் 170 செ.மீ உயரமுள்ளவருக்குத் தலை கூரையைத் தொடும், ஆகவே அந்த அறைக்கு இரண்டாம் படியே போதும். அப்படியானால் 3 படி ஏணி வாங்கினாலே வேலை முடியும், இது தேவையில்லை. 3 மீட்டர் கூரைக்குத்தான் இது சரியான அளவு. மேடை மேல் நின்றால் தலைக்கு மேல் ஒரு சாணுக்கும் குறைவாகவே இடம் இருக்கும், பல்பும் கம்பியும் முகத்துக்கு நேராக வரும். கூரையில் துளை போடுவதானால் நான்காம் படிக்கு இறங்குங்கள், முகத்தில் தூசி கொட்டாது, டிரில்லை இரு கையாலும் நிமிர்த்திப் பிடிக்கலாம். 3.3 மீட்டர் கூரையை விரல் எட்டும், ஒரு பல்பைக் கழற்றலாம். ஆனால் கை முழுதாக நீண்டிருக்கும் அந்த நிலையில் அரை மணி நேரம் ரோலர் உருட்டுவது நடக்காது. அதற்கு 6 படி ஏணி பாருங்கள்.

பொருள்

பக்கச் சட்டங்கள் 6063 வகை அலுமினியக் கலவை. மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்த்து, அச்சில் அழுத்தி இழுத்து, வெப்பப் பதம் செய்தது. சட்டத்தின் குறுக்கு அளவு 50 × 20 மி.மீ, சுவர்த் தடிமன் 1.3 மி.மீ. மேற்பரப்பு அனோடைஸ் செய்யப்பட்டிருப்பதால் கையில் கருப்பு ஒட்டாது, ஈரக் காற்றில் வெள்ளைப் பூப்பதும் குறைவு. படிகளில் நீளவாட்டில் வரிகள் உண்டு, ஒவ்வொரு முனையும் சட்டத்தோடு இரண்டு ரிவெட்டால் இறுக்கப்பட்டுள்ளது. மேடையும் அலுமினியமே. பிளாஸ்டிக் மேடை வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் நொறுங்கத் தொடங்கும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது.

அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைதான், அதனால்தான் 6.4 கிலோவில் ஒற்றைக் கையால் தூக்கலாம். அதே கணக்கில் விறைப்பும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் மேலே ஏறும்போது சட்டம் லேசாக வளைந்து திரும்புவது தெரியும். அது கோளாறல்ல. இறங்கிய பிறகும் வளைவு அப்படியே நின்றால்தான் கோளாறு. வளைந்த சட்டத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கி மறுபடி ஏறாதீர்கள், மடங்கிய இடத்தில் உலோகம் பலம் இழந்திருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை தராமல் அதே இடத்தில் மடங்கும்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். மின் கம்பிகளின் அருகிலும், மின்சாரம் ஓடும் சுற்றுகளிலும் இந்த ஏணியைப் பயன்படுத்தவே கூடாது. விளக்கு மாற்றுவதென்றாலும் சுவர்ச் சுவிட்சை அணைத்தால் போதாது, அந்தச் சுற்றின் பிரேக்கரையே இறக்குங்கள். தினமும் மின் வேலை செய்பவர் கண்ணாடியிழை ஏணிதான் வாங்க வேண்டும்.

150 கிலோ என்றால் எதெல்லாம் சேர்த்து

உங்கள் எடை மட்டுமல்ல. உடுத்தியிருப்பது, இடுப்புக் கருவிகள், கையில் உள்ள பொருள், ஏணியில் மாட்டியது எல்லாம் சேர்ந்து 150 கிலோவுக்குள். 85 கிலோ எடையுள்ளவர், 3 கிலோ டிரில், 20 லிட்டர் பெயின்ட் வாளி (நிறைந்திருந்தால் 27 கிலோ பக்கம்) என்று கூட்டினால் 115 வரும், எடைக் கணக்கு சரி. ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், ஒரு கையாவது ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். சிறிய டப்பாவில் 2 லிட்டர் ஊற்றிக் கைப்பிடித் தட்டில் வையுங்கள். தட்டின் தாங்கும் அளவு 3 கிலோதான். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து 110 கிலோ என்றாலும் கூடாது.

150 கிலோ என்பது ஐரோப்பாவின் ஈ.என். 131 தரம் ஏணிகளுக்கு வைத்துள்ள அதிகபட்ச மொத்தச் சுமை. அந்தத் தரத்தில் தொழில்முறை, வீட்டு உபயோகம் என இரு வகுப்புகள் உண்டு, இரண்டுக்கும் சுமை ஒன்றே, சோதனைகளின் கடுமைதான் வேறு. இது வீட்டு உபயோக வகுப்புக்கென வடிவமைத்தது. தினமும் எட்டு மணி நேரம் வேலைத்தளத்தில் வைத்துப் பயன்படுத்த ஏற்றதல்ல. வேறு ஏணிகளோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்க முறையில் பவுண்டில் எழுதியிருப்பதைக் கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். 225 பவுண்டு என்றால் 102 கிலோ, 300 பவுண்டு என்றால் 136 கிலோதான்.

எடை நேராகக் கீழ்நோக்கி இறங்கும்போது மட்டுமே இந்த எண் பொருந்தும். வீட்டில் ஏணி சாய்வது பெரும்பாலும் அதிக எடையால் அல்ல, எட்டாததைப் பக்கவாட்டில் எட்டப் போவதால். பெல்ட்டின் பக்கிள் இரு பக்கச் சட்டங்களுக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போக வேண்டியிருந்தால், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். சுவரில் டிரில் அழுத்தும்போதும் அதே தள்ளுவிசை உங்களைப் பின்னோக்கித் தள்ளும். சுவருக்கு முதுகையோ பக்கத்தையோ காட்டி வைக்காமல், படிகள் உள்ள முகப்பில் ஏறினால் சுவர் எதிரே வரும்படி வையுங்கள்.

பூட்டு

இரண்டு பூட்டுகள் உண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் ஏணி நிலை நிற்கும்.

முதலாவது மேடைப் பூட்டு. முன்கால்களையும் பின்கால்களையும் இழுத்து விரிக்கும்போது மேடை தானே கீழே இறங்கும். அதன் பின்விளிம்பில் உள்ள இரண்டு எஃகுக் கொக்கிகள் பின்கால்களின் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும். அதே நேரத்தில் மேடைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் நாக்கு சட்டத்துக்குக் கீழே நுழைந்து 'கிளிக்' என்று ஒலிக்கும். நாக்கின் மேல் உள்ள சிவப்புப் பட்டை மறைந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. சிறிதளவு சிவப்பு தெரிந்தாலும் விழவில்லை. ஒலியை நம்பாதீர்கள், நிறத்தைப் பாருங்கள். அறை சத்தமாக இருந்தால் பாதியில் நின்ற நாக்கின் ஒலியும் கிளிக் போலவே கேட்கும்.

இரண்டாவது, கால்கள் மேலும் விலகாமல் தடுக்கும் 25 மி.மீ அகலப் பாலியஸ்டர் பட்டைகள், பக்கத்துக்கு ஒன்று. பூட்டு விழுந்த நிலையில் இரண்டும் இறுகி இருக்க வேண்டும். ஒன்று தொங்கினால், ஒரு கால் முழுதாக விரியவில்லை அல்லது தரை சமமில்லை. கீழே கட்டையோ மடித்த அட்டையோ செருகிச் சமன் செய்யாமல், ஏணியை வேறு இடத்தில் வையுங்கள். முதல் படியில் ஏறி ஒரு முறை எடையை மாற்றிப் பார்த்து, நான்கு கால்களும் பதிந்திருக்கின்றனவா என்று உறுதி செய்த பிறகு மேலே போங்கள்.

மடிப்பதற்கு, தரையில் நின்றபடி மேடைக்கு அடியில் உள்ள சிவப்பு நெம்பை உங்கள் பக்கம் இழுத்து, மறு கையால் மேடையின் பின்விளிம்பை மேலே தூக்குங்கள். விரல்களை மேடைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே வைக்காதீர்கள், நசுங்குவது அங்கேதான். மடித்த பிறகு சட்டத்தின் பக்கத்தில் உள்ள கொண்டியைப் போட்டால் தூக்கும்போது விரியாது. மடித்த நிலையில் சுவரில் சாய்த்து ஏணிபோல் ஏறக் கூடாது, அதற்கான கால்கள் இதில் இல்லை.

பராமரிப்பு

பூட்டு கெடுவதற்கு முக்கியக் காரணம் தூசியும் காய்ந்த பெயின்டும். ஸ்பிரிங் நாக்கு இறுகித் திரும்ப வராவிட்டால் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, முனையில் மட்டும் இரண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விடுங்கள். படிகளில் எண்ணெய் படக் கூடாது. ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரிக்கும், காயும் முன்பே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

கால்களின் ரப்பர் உறைகள் தேய்ந்து அடியில் உலோகம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், டைல் தரையில் வெறும் அலுமினியம் வழுக்கும். பட்டையின் ஓரம் பிசிறத் தொடங்கினாலும் அன்றே மாற்றுங்கள். ஒரு படியைப் பிடித்து ஆட்டும்போது ரிவெட்டைச் சுற்றி அசைவு தெரிந்தால் ஏணியைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். திருகாணி போட்டு இறுக்கினால் துளை பெரிதாகுமே தவிர பலம் திரும்பாது.

பெட்டியில் ஏணி, மாற்று ரப்பர் உறைகள் 4, கைப்பிடித் தட்டு 1, தமிழ் உபயோகக் குறிப்பு 1 இருக்கும். ரப்பர் உறைகளையும் பட்டைகளையும் தனியாகவும் வாங்கலாம். பக்கச் சட்டம், படி, மேடை ஆகியவை தனியாக விற்கப்படுவதில்லை. அவற்றில் ஒன்று சேதமானால் ஏணி முழுவதையும் மாற்ற வேண்டும்.