கிரயப் பத்திரப் பதிவு, நவம்பர் 19 வியாழக்கிழமை: யார் யார் நேரில் வர வேண்டும்

எழுதிக் கொடுக்கும் குடும்பத்தாருக்கும் வாங்கும் தரப்புக்கும்,

வணக்கம். வீட்டுக் கிரயத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நவம்பர் 19, வியாழக்கிழமை காலை 11.30க்கு டோக்கன் கிடைத்திருக்கிறது. அதற்கு முன் 10 மணிக்கு, பதிவு அலுவலகத்துக்கு எதிரிலேயே இருக்கும் நோட்டரி வக்கீல் அலுவலகத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் கையெழுத்தாக வேண்டும். மீனாட்சி அம்மாளும் செல்வகுமாரும் 10 மணிக்கு அங்கே வந்துவிடுங்கள். மற்றவர்கள் 10.45க்கு நேராகப் பதிவு அலுவலகத்துக்கு வந்தால் போதும். டோக்கன் 11.30க்கு என்றால் 11.30க்கே கூப்பிடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் கூப்பிடும் நேரத்தில் ஒருவர் இல்லை என்றால் அடுத்த டோக்கனுக்குப் போய்விடுவார்கள். மதியம் வரை வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதிக் கொடுப்பவர்கள் ஐந்து பேர். அதில் நான்கு பேர் உடலோடு வந்து உட்கார வேண்டும், ஒருவர் பவர் மூலம்.

மீனாட்சி அம்மாள் கட்டாயம் நேரில் வர வேண்டும். இடுப்பு அறுவைக்குப் பிறகு நடக்கச் சிரமப்படுகிறார் என்று செல்வகுமார் கேட்டிருந்தார். வர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே மனு கொடுத்து, தனிக் கட்டணம் கட்டி, அவர்கள் ஒதுக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். வங்கி டிடி எடுக்கும் நாளோடு அது பொருந்தி வருவது கஷ்டம். பதிவு அலுவலகம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது, வாசல்வரை கார் போகும், சக்கர நாற்காலி உள்ளே நுழையும். அதனால் அழைத்து வருவதே நல்லது என்பது எங்கள் கருத்து. 16ஆம் தேதிக்குள் உடல்நிலை மோசமானால் உடனே சொல்லுங்கள், மனு போட்டுவிடலாம். 18ஆம் தேதி இரவு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவுக்குக் கை நடுங்குவதால் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். அப்படி வைத்தால், பத்திரத்தை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் புரிந்து ஒப்புக்கொண்டார் என்ற வரியைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும், சேர்த்துவிட்டோம். வாசித்துக் காட்டுவதை அவசரமாக அங்கேயே வைத்துக்கொள்ளாமல், முந்தின நாள் வீட்டில் ஒருமுறை நிதானமாகச் செய்யுங்கள். சார்பதிவாளர் "என்னம்மா எழுதிக் கொடுக்கிறீங்க, பணம் வந்துருச்சா" என்று அவரிடமே கேட்பார். பக்கத்தில் நிற்பவர் பதில் சொன்னால் பதிவு நிற்கும். விற்பவர் சுயமாகச் சொல்கிறாரா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

நோட்டரி பிரமாணப் பத்திரம் எதற்கு என்றால், தாய்ப்பத்திரத்திலும் பட்டாவிலும் அம்மாவின் பெயர் "மீனாட்சியம்மாள்", ஆதாரில் "மீனாட்சி". இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழி இது. முத்திரைத்தாளும் தட்டச்சும் எங்களிடம் தயார். அதில் வீட்டிலேயே கைரேகை வைத்து எடுத்து வர வேண்டாம். கையெழுத்தோ ரேகையோ நோட்டரியின் கண்முன் இடப்பட வேண்டும், அவருடைய பதிவேட்டிலும் இட வேண்டும். ஏற்கெனவே இட்டுக் கொண்டுவந்த தாளில் முத்திரை குத்த ஒழுங்கான நோட்டரி சம்மதிக்க மாட்டார்; சம்மதிப்பவரிடம் போவதைவிடப் போகாமலிருப்பதே மேல். அம்மாவின் அசல் ஆதார் தேவை.

செல்வகுமார் இரண்டு முறை கையெழுத்திடப் போகிறார் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தனக்காக ஒன்று, தங்கை கவிதாவின் பவர் முகவராக ஒன்று. ஒரு பக்கத்தில் விட்டுப்போனாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிறையப் பத்திரங்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கவுண்டரிலிருந்து திரும்புகின்றன. பவர் முகவர் கையெழுத்துக்குக் கீழே "கவிதாவுக்காக, அவரது பொது அதிகார முகவர்" என்று எழுதும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.

கவிதா வெளிநாட்டில் இருப்பதால் வர வேண்டியதில்லை. இந்தியத் தூதரக அதிகாரி முன் அவர் கையெழுத்திட்டு அனுப்பிய பவர் வந்துவிட்டது. வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்; மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதையும் முடித்துவிட்டோம். விற்கவும், கையெழுத்திடவும், பதிவுக்குத் தாக்கல் செய்து ஒப்புக்கொள்ளவும் என்று மூன்று அதிகாரங்களும் அதில் தெளிவாக இருக்கின்றன. இன்னும் ஒன்று பாக்கி: கவிதாவின் உயிர்வாழ் சான்று. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செத்துவிடும் என்பதால் இதைக் கேட்கிறார்கள். சான்று பதிவு நாளுக்கு முந்தைய முப்பது நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பவரோடு சேர்த்து அவர் அனுப்பிய பழைய சான்று காலாவதி ஆகிவிட்டது. புதியதன் அசல் 17ஆம் தேதிக்குள் கூரியரில் எங்கள் கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படம் போதாது. அவர் பங்குப் பணத்தில் வருமான வரி பிடிக்கும் முறையும் மற்றவர்களுடையதிலிருந்து வேறு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஒரு சதவீதம் பிடித்தால் தீர்ந்தது என்று கார்த்திக் நினைக்க வேண்டாம், ஆடிட்டரிடம் அவருக்குரிய விகிதத்தை 14ஆம் தேதிக்குள் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். டிடி தொகையே அதைப் பொறுத்துத்தான்.

மலர்விழியும் அவர் மகள் யாழினியும் இருவரும் நேரில் வர வேண்டும். யாழினிக்குக் கல்லூரித் தேர்வு நெருங்குகிறது, அவளுக்காக அம்மா கையெழுத்திட்டால் என்ன என்று கேட்டிருந்தார்கள். முடியாது. ஆகஸ்டில் 18 நிறைந்துவிட்டது, இனி அவர் தனி ஆள். (18 நிறையாமல் இருந்திருந்தால் மைனர் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்த அலைச்சல் இல்லாமல் போனது எல்லோருக்கும் அதிர்ஷ்டம்தான்.) நோட்டரியிடம் ஒரு பவர் எழுதி அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா என்றால், அதுவும் உதவாது. இந்தியாவுக்குள் இருப்பவர் தரும் பவர், அவர் வசிக்கும் எல்லைக்குரிய பதிவு அலுவலகத்தில் அவரே நேரில் போய் எழுதிப் பதிந்ததாக இருக்க வேண்டும். பவர் பதியப் போகும் நேரத்தில் இங்கேயே வந்து கையெழுத்திட்டுப் போகலாம். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிட முடியும். யாழினி ஆதாரில் பழைய கைபேசி எண் இருந்தால் இந்த வாரமே மாற்றட்டும். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறதோ அந்தக் கைபேசியும் அன்று கையில் இருக்க வேண்டும்.

வாங்குபவர்கள் கார்த்திக், ரேவதி இருவருமே நேரில் வர வேண்டும். கிரயத்தில் வாங்குபவரின் புகைப்படமும் கைரேகையும் பதிவாகும். வங்கிக் கடனுக்கான எம்.ஓ.டி. ஆவணத்தில் எழுதிக் கொடுப்பவர்களே நீங்கள் இருவரும்தான், அதனால் ஒருவர் வந்து மற்றவர் வீட்டிலிருந்து சம்மதம் சொல்வது நடக்காது. எம்.ஓ.டி.க்குத் தனி டோக்கன், கிரயம் முடிந்த பிறகே எடுப்பார்கள். வங்கி அதிகாரி டிடிகளோடு 11 மணிக்கு வருவதாக உறுதி சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் பெயருக்கும் தனித்தனி டிடி. பெயர் எழுத்து ஒவ்வொன்றும் அவரவர் வங்கிக் கணக்கில் இருப்பதுபோல. 18ஆம் தேதி மாலை டிடி நகல்களை எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பத்திரத்தில் எண்களை ஏற்ற வேண்டும்.

சாட்சிகள் இரண்டு பேர், அவசரத்துக்கு மூன்றாவது ஒருவர். எழுதிக் கொடுப்பவர்களைப் பல வருடம் தெரிந்தவர்களாக, 18 வயது நிறைந்தவர்களாக, பத்திரத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் வேலை வெறும் கையெழுத்தல்ல; "இவர்தான் அவர்" என்று சார்பதிவாளரிடம் அடையாளம் காட்டுவது. வாசலில் நிற்கும் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வேண்டாம்.

எடுத்து வர வேண்டியவை. எல்லோரும்: அசல் ஆதார், அசல் பான் கார்டு, ஓடிபி வரும் கைபேசி, சாட்சிகளுக்கு பான் வேண்டாம். செல்வகுமார்: தாய்ப்பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, கடைசி வீட்டு வரி ரசீது, கவிதாவின் பவர், எல்லாமே அசல். தம்பி முருகனின் இறப்புச் சான்றும் அவருக்குரிய வாரிசுச் சான்றும் மலர்விழியிடம் இருக்கின்றன. அவரே எடுத்து வரட்டும். வில்லங்கச் சான்றை 18ஆம் தேதி மாலை நாங்கள் புதிதாக எடுப்போம்.

கைரேகைக் கருவி பற்றி ஒரு வார்த்தை. மருதாணி வைத்த விரலை அது படிக்கத் திணறும், ரேவதியும் யாழினியும் அந்த வாரம் மருதாணி வைக்க வேண்டாம். வயதானவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். அம்மாவின் கையைச் சோப்பால் கழுவித் துடைத்து அழைத்து வாருங்கள், பெருவிரல் பதியாவிட்டால் வேறு விரலில் முயல்வார்கள். சர்வர் நின்றுவிட்டால் அது சரியாகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

யாராவது ஒருவர் மட்டும் அன்று வர முடியாமல் போனால், வந்தவர்கள் கையெழுத்தோடு பத்திரத்தைத் தாக்கல் செய்து, கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் மற்றவரை வரவைத்து ஒப்புக்கொள்ளச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதுவரை பத்திரம் நிலுவையில் நிற்கும், வங்கி ஒரு டிடியையும் கையைவிட்டு விடாது. எனவே இந்தப் பதிவில் அந்த வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு விற்பவர்கள், இரண்டு வாங்குபவர்கள், இரண்டு சாட்சிகள் ஆக எட்டுப் பேரும் இருந்தால்தான் அன்று போவோம்.

பத்திர நகலை இதோடு இணைத்திருக்கிறோம். பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, நான்கெல்லை, பரப்பளவு ஆகியவற்றை ஆதாரையும் தாய்ப்பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். திருத்தங்கள் 13ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வர வேண்டும். 14ஆம் தேதி இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டுகிறோம். அதன்பின் ஓர் இனிஷியல் மாற்றவும் முழுவதும் மறுபடி.

12ஆம் தேதிக்குள் ஒவ்வொருவரும் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக "வருகிறேன்" என்று எழுதுங்கள். செல்வகுமார் மூன்று சாட்சிகளின் பெயர், ஆதாரில் உள்ள முகவரி, கைபேசி எண் சேர்த்து அனுப்பட்டும்.

இப்படிக்கு,
குமரன்
வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து, நவம்பர் 7