31.03.2026 நேர்முகத் தேர்வு: நேரத்தை மாற்றித் தருமாறு வேண்டுகோள்

அனுப்புநர்: க. தர்மினி, சாம்பல்தீவு, திருகோணமலை
பெறுநர்: முகாமையாளர், மனிதவளப் பிரிவு, தலைமை அலுவலகம், மட்டக்களப்பு
திகதி: 20.03.2026, வெள்ளிக்கிழமை
விடயம்: கணக்கு உதவியாளர் பதவி (திருகோணமலைக் கிளை) – 31.03.2026 நேர்முகத் தேர்வின் நேரத்தை மாற்றித் தருமாறு வேண்டுகோள்

மதிப்புக்குரிய அம்மையீர்,

வணக்கம். திருகோணமலைக் கிளையின் கணக்கு உதவியாளர் பதவிக்கு என்னையும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்து நேற்று மாலை தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. மிக்க நன்றி. மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, காலை 9.30 மணி, உட்துறைமுக வீதியிலுள்ள கிளை அலுவலகம் என்ற விபரங்களைக் குறித்துக்கொண்டேன். உடனே ‘வருகிறேன்’ என்று பதில் எழுதத்தான் மனம் இருந்தது. ஆனால் அந்த ஒரு நாளில், அதுவும் அந்த நேரத்தில், என்னால் வர முடியாத நிலை. அதைத் தெரிவித்து, வேறொரு நேரம் தர இயலுமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருப்பதுபோல், நிலாவெளியில் உள்ள ஒரு விடுதியில் மூன்று ஆண்டுகளாகக் களஞ்சியக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். எங்கள் நிதியாண்டு மார்ச் 31 உடன் முடிகிறது. அன்று காலை 6 மணிக்கு, சமையலறைக்குப் பொருள் எடுத்துக் கொடுப்பதற்கு முன்பாகவே, இருப்புக் கணக்கெடுப்புத் தொடங்கும். வெளியிலிருந்து கணக்காய்வாளர்கள் வந்து உடன் நிற்பார்கள். கடைசியாக வந்த பொருளின் பெறுகைக் குறிப்பு எந்த இலக்கம், கடைசியாக வெளியே கொடுத்ததன் வழங்கற் குறிப்பு எந்த இலக்கம் என்பதை அவர்கள் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட வேண்டியவள் நான். எண்ணும் தாள்களுக்கு வரிசை இலக்கமிட்டுக் கொடுப்பதும், எண்ணி முடிந்தபின் ஒன்று விடாமல் திரும்பப் பெறுவதும் என் பொறுப்பே.

வேறொரு வேலையாக இருந்தால் ஒரு நாள் தள்ளி வைத்திருப்பேன். இருப்பை மறுநாள் எண்ணினால் அது மறுநாளின் இருப்பாகிவிடும். இடையில் போனதையும் வந்ததையும் கூட்டிக் கழித்து 31ஆம் திகதிக்குத் திரும்புவதற்குள் பிழைகள் புகுந்துவிடும். சென்ற ஆண்டு குளிரறையில் மீன் பெட்டிகளை இருவர் எண்ணி இரண்டு விதமான தொகை சொன்னதால், மாலைவரை மூன்று தடவை எண்ணினோம். அந்த அனுபவத்திற்குப் பிறகு எனக்குப் பதிலாக ஒருவரை நிறுத்திவிட்டு வருவது நியாயமாகப் படவில்லை. இருந்தும் நேற்றிரவே என் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். நான் விண்ணப்பித்திருப்பது அவருக்குத் தெரியும். அவரே எனக்கு நற்சான்றுக் கடிதமும் தந்தவர். “மற்ற எந்த நாளென்றாலும் அனுப்புகிறேன் பிள்ளை, அந்த நாளை மட்டும் கேட்காதே” என்றார்.

தேர்வுக் குழுவினர் மட்டக்களப்பிலிருந்து இதற்கென்றே பயணம் செய்து வருவதும், மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் நேரம் ஒதுக்கியிருப்பதும் எனக்குத் தெரியும். எனவே தங்கள் தரப்பில் அலைச்சல் எவ்வளவு குறையுமோ அந்த ஒழுங்கில் என் வசதியை எழுதுகிறேன்.

குழுவினர் முதல் நாளே திருகோணமலைக்கு வந்துவிடுவதாக இருந்தால், மார்ச் 30, திங்கட்கிழமை மாலை 5.15 மணிக்குப் பின் எந்த நேரமும் என்னால் வர முடியும். அன்று 4.30 வரை எண்ணும் தாள்களைத் தயார் செய்யும் வேலை இருக்கிறது. நிலாவெளியிலிருந்து நகருக்குச் சுமார் 15 கிலோமீற்றர்தான்; பஸ் தவறினாலும் முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்துவிடுவேன்.

அது இயலாவிட்டால், 31ஆம் திகதியே மாலை 5.30 மணிக்குப் பின். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: மாலை 4 மணிக்குள் கணக்கெடுப்பு முடியும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு, உறுதி அல்ல. குழுவினரைக் காத்திருக்க வைத்துவிடுவேனோ என்ற பயம் இதில் இருக்கிறது. அதனால் இதை இரண்டாவதாகவே வைக்கிறேன்.

மூன்றாவது வழி, நானே மட்டக்களப்புக்கு வருவது. ஏப்ரல் 1, 2 ஆகிய நாட்களில் கணக்காய்வாளர்கள் எங்கள் விடுதியில் இருப்பார்கள். 3ஆம் திகதி பெரிய வெள்ளி. ஆகவே ஏப்ரல் 7 செவ்வாய் அல்லது 9 வியாழன், முற்பகல் 11 மணி முதல். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாகக் காலை பஸ்ஸில் வந்துவிடலாம். பாதைப் படகில் ஏறி ஆற்றைக் கடக்கக் காத்திருந்த காலம் போய் இப்போது பாலங்கள் இருப்பதால், நேரத்துக்கு வருவதில் சிரமம் இராது. பயணச் செலவு என்னுடையது. அதற்கு அடுத்த வாரம் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடுவதால் அதற்குப் பிந்தைய நாளைக் கேட்டுத் தங்கள் தெரிவைத் தாமதிக்க வைக்க விரும்பவில்லை.

காணொளி அழைப்பில் நடத்துவது வசதி என்றால் அதற்கும் உடன்படுகிறேன். ஆயினும் நேரில் வந்து பேசுவதையே விரும்புகிறேன்.

இவற்றில் எதுவுமே பொருந்தாமல் போகலாம். ஒருவருக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பதை உணர்ந்தே கேட்கிறேன். அப்படியானால் ஒரு வரியில் தெரிவித்தாலே போதும், மனவருத்தம் கொள்ளமாட்டேன். 31ஆம் திகதி காலை 9.30 இற்கு எனக்கென ஒதுக்கிய நேரத்தை இப்போதே வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

தொலைபேசியில் பேசுவதாயின் விண்ணப்பத்திலுள்ள அதே இலக்கத்தில் நண்பகல் 12.30 முதல் 1.15 வரையும், மாலை 5.30 இற்குப் பின்னரும் கிடைப்பேன். மற்ற நேரங்களில் பெரும்பாலும் குளிரறைப் பக்கம் நிற்பேன். அங்கே அழைப்பு வராது. தவறிய அழைப்பைக் கண்டால் நானே திரும்ப அழைப்பேன்.

அழைப்புக் கிடைத்த மறுநாளே இப்படி ஒரு தொந்தரவு தருவதற்காக மன்னிப்பைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
க. தர்மினி


அனுப்புநர்: முகாமையாளர், மனிதவளப் பிரிவு
பெறுநர்: க. தர்மினி
திகதி: 23.03.2026, திங்கட்கிழமை
விடயம்: பதில் – நேர்முகத் தேர்வின் நேரத்தை மாற்றித் தருமாறு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் மின்னஞ்சலை வெள்ளிக்கிழமையே படித்தேன். குழுவினரிடம் கேட்காமல் பதில் எழுத விரும்பாததால் இன்றுவரை தாமதமாயிற்று, பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தை எங்கள் நிதி முகாமையாளரிடம் காட்டியபோது, “31ஆம் திகதி நானே இங்கே களஞ்சியத்தில் நிற்க வேண்டுமே, யாரைக் கேட்டு இந்த நாளைக் குறித்தீர்கள்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். எங்களிடமும் அன்றுதான் ஆண்டிறுதிக் கணக்கெடுப்பு. மண்டபமும் வாகனமும் கிடைக்கும் நாளைப் பார்த்த நான் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். ஆகவே மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள் மட்டுமல்ல.

தேர்வு முழுவதையுமே மார்ச் 30, திங்கட்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம். மற்ற விண்ணப்பதாரர்கள் நால்வரும் தொலைபேசியில் சம்மதம் தெரிவித்துவிட்டார்கள். உங்களைக் கடைசியாக, மாலை 5.30 மணிக்கு வைத்திருக்கிறோம். இடம் அதே கிளை அலுவலகம்.

முதல் அழைப்பில் எழுதாமல் விட்ட ஒன்று: உரையாடலுக்கு முன் அரை மணி நேர எழுத்துப் பயிற்சி உண்டு. வங்கிக் கூற்றையும் காசேட்டையும் இணக்கும் ஒரு கணக்கு. கணிப்பான் நாங்கள் தருவோம். எல்லாம் முடிய இரவு 7 மணி ஆகலாம். அந்த நேரத்தில் வீடு திரும்புவதில் சிரமம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் வாகனத்தில் சாம்பல்தீவில் இறக்கிவிட ஒழுங்கு செய்யலாம்.

தேசிய அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள், சேவைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு வரவும். புதன்கிழமைக்குள் உங்கள் சம்மதத்தை எழுதினால் போதும்.

நன்றி.
முகாமையாளர், மனிதவளப் பிரிவு


அனுப்புநர்: க. தர்மினி
பெறுநர்: முகாமையாளர், மனிதவளப் பிரிவு
திகதி: 23.03.2026, திங்கட்கிழமை
விடயம்: 30.03.2026 மாலை 5.30 – வருகையை உறுதிப்படுத்தல்

மதிப்புக்குரிய அம்மையீர்,

தங்கள் பதில் மதியம் கிடைத்தது. மிக்க நன்றி. மார்ச் 30, திங்கட்கிழமை மாலை 5.30 மணிக்கு உட்துறைமுக வீதிக் கிளை அலுவலகத்திற்கு வருகிறேன் என்பதை இதன் மூலம் உறுதிப்படுத்துகிறேன். அன்று 4.15 இற்கே புறப்பட என் மேலதிகாரி அனுமதி தந்துவிட்டார். ஏப்ரல் 7, 9 ஆகிய நாட்களை எனக்காக எங்காவது குறித்து வைத்திருந்தால் தயவுசெய்து விடுவித்துவிடவும்.

நாளை மாற்றுவதற்குச் சம்மதித்த மற்ற நால்வரின் பெயர்கள் எனக்குத் தெரியாது. வாய்ப்புக் கிடைத்தால் அவர்களுக்கும் என் நன்றியைத் தெரிவிப்பீர்களா?

எழுத்துப் பயிற்சியை முன்கூட்டியே அறிவித்தது உதவியாக இருக்கிறது. ஆவணங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். இன்னும் பணியில் இருப்பதால் சேவைச் சான்றிதழ் என்னிடம் இல்லை, விலகும்போதுதான் தருவார்கள். அதற்குப் பதிலாக நியமனக் கடிதத்தின் மூலப்பிரதியையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் கொண்டு வருகிறேன். போதாது என்றால் தெரிவிக்கவும், மேலதிகாரியிடம் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று பெற இன்னும் நாள் இருக்கிறது.

வாகனம் பற்றிய அக்கறைக்கு நன்றி. அன்று இரவு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அலுவலக வாசலில் அவன் காத்திருப்பதற்கு மட்டும் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் உதவியாக இருக்கும்.

நிதி முகாமையாளர் ஐயாவிடம் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். மறுநாள் காலை இருவருக்கும் எண்ணுகிற வேலை இருப்பதால், திங்கள் இரவு நேரத்துக்கு முடிந்துவிடும் என்றே நம்புகிறேன்.

இங்ஙனம்,
க. தர்மினி