மோல் கணக்கு: முதலில் குத்துமதிப்பு, அப்புறம் விடை

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு, தரம்பார்த்தல் செய்முறை தொடங்கும் முன் படிக்க

மோல் கணக்கில் தப்பான விடைகளைப் பார்த்தால், வேதியியல் தெரியாமல் போனவை குறைவு. மில்லிலிட்டரை லிட்டராக மாற்றாதது, மில்லிகிராமைக் கிராம் என்று எடுத்துக்கொண்டது, வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியது: இவைதான் அதிகம். இப்படிப்பட்ட தப்புகள் விடையைக் கொஞ்சநஞ்சம் மாற்றுவதில்லை. ஆயிரம் மடங்கு தூக்கிவிடும், அல்லது ஆயிரத்தில் ஒன்றாக இறக்கிவிடும். அதனால்தான் தோராயமான மதிப்பு ஒன்று கையில் இருந்தாலே இவற்றைப் பிடித்துவிடலாம்.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கொடுத்திருக்கும் பொருள் ஒரு மோலுக்கு மேலா, கீழா? கிராமில் உள்ள நிறையையும் மோலார் நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமாலின் மோலார் நிறை சுமார் 151. மாத்திரையில் இருப்பது அரை கிராம். 150 கிராமுக்கு ஒரு மோல் என்றால், ஒன்றரை கிராமுக்கு 0.01 மோல், அரை கிராமுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.003 சொச்சம். யாராவது 3.3 மோல் என்று எழுதினால், 500-ஐ அப்படியே 151-ஆல் வகுத்திருக்கிறார் என்று அர்த்தம். 3.3 மோல் பாராசிட்டமால் அரைக் கிலோ எடை இருக்கும். அதை யாராலும் விழுங்க முடியாது!

கரைசல் கணக்கிலும் இதே வழிதான். 4.6 கிராம் NaOH-ஐக் கரைத்து 250 மி.லி. கரைசலாக்குகிறோம், மோலாரிட்டி என்ன? NaOH-இன் மோலார் நிறை 40. 4.6-ஐ 4 என்று வைத்துக்கொண்டால் 0.1 மோல். 250 மி.லி. என்பது கால் லிட்டர். ஒரு லிட்டருக்கு நான்கு மடங்கு, அப்போது 0.4 M. நாம் 4.6-ஐக் குறைத்து எடுத்தோம், அதனால் உண்மையான விடை இதைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். முழுசாகச் செய்தால் 0.46 M. சரி. 0.00046 என்று வந்திருந்தால் 250-ஆல் வகுத்துவிட்டீர்கள். கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டாம், அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

செய்முறை வகுப்பில் அதிகம் நடப்பது இது. பிப்பெட்டில் 20 மி.லி. 0.1 M NaOH எடுக்கிறோம். 0.1 × 20 = 2. இந்த 2 மில்லிமோல். அதை மோல் என்று நினைத்து 40-ஆல் பெருக்கினால் 80 கிராம் NaOH வரும். பிப்பெட்டில் இருக்கும் கரைசலின் மொத்த எடையே ஏறக்குறைய 20 கிராம்தான்! சரியான விடை 0.08 கிராம். மி.லி.-ஐ மோலாரிட்டியால் பெருக்கினால் வருவது எப்போதும் மில்லிமோல்; இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம், தப்பில்லை.

மூலக்கூறுகளின் எண்ணிக்கை கேட்டால் அடுக்கை மட்டும் பாருங்கள். 0.9 கிராம் தண்ணீர் 0.05 மோல், 6 × 10²³-இல் இருபதில் ஒரு பங்கு, 3 × 10²². அவகாட்ரோ எண்ணால் பெருக்காமல் வகுத்தவருக்கு 10⁻²⁶ அளவில் ஒரு விடை வரும். ஒரு மூலக்கூறுகூடத் தேறாது.

பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். அங்கே தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளிப் போவது சகஜம். எனவே தோராய மதிப்பைப் பக்க ஓரத்தில் பென்சிலால் முதலிலேயே எழுதிவிடுங்கள். விடை வந்த பிறகு போட்டால், அந்த விடைக்கு ஏற்றபடி மனசு வளைந்து கொடுக்கும்.

இந்த முறை பிடிக்காத தப்புகளும் உண்டு. H₂SO₄ ஒரு மோலுக்கு NaOH இரண்டு மோல் வேண்டும் என்பதை மறந்தால் விடை இரண்டு மடங்குதான் மாறும். தோராயத்தில் அது தெரியாமல் போகலாம். மோலார் கனஅளவு 22.4-ஆ 22.7-ஆ என்ற குழப்பம் நிச்சயமாகத் தெரியாது. அவற்றுக்குச் சமன்பாட்டையும், கேள்வியில் கொடுத்த அழுத்தத்தையும்தான் பார்க்க வேண்டும்.

பேனாவை எடுக்காமல் மனக்கணக்காகவே இவற்றுக்குச் சொல்லிப் பாருங்கள்: 200 மி.லி. தண்ணீரில் எத்தனை மோல்? 12.5 கிராம் CaCO₃ முழுதும் சிதைந்தால், 0°C, 1 atm-இல் எத்தனை லிட்டர் CO₂? 25 மி.லி. 0.2 M HCl-இல் எத்தனை கிராம் HCl? முதலாவது 10-க்குக் கொஞ்சம் மேல், அடுத்தது 3-க்குக் கொஞ்சம் கீழ், மூன்றாவது 0.2-ஐ ஒட்டி.