அரையாண்டுத் தேர்வு வாரத்தில் வியாழன் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றக் கேட்டு

அன்புள்ள மிஸ்,

வணக்கம். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு அட்டவணை கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 17 புதன் இயற்பியல், 19 வெள்ளி வேதியியல், 22 திங்கள் கணிதம், 23 செவ்வாய் கணினி அறிவியல். நம்முடைய கணித வகுப்பு வழக்கம்போல் 18ஆம் தேதி வியாழன் மாலை ஆறு மணிக்கு வருகிறது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு வேதியியல் தேர்வு. அதனால் அந்த ஒரு வகுப்பை மட்டும் 20ஆம் தேதி சனிக்கிழமைக்கு மாற்றித் தர முடியுமா மிஸ்?

வகுப்பு எட்டு மணிக்கு முடிந்து, காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, தண்டையார்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிடுகிறது. மற்ற வாரங்களில் இது எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மின்வேதியியலும் வேதிவினை வேகவியலும் முந்தைய நாள் மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நிற்கும். புதன்கிழமை மதியம் வரை இயற்பியல் இருப்பதால், வேதியியலுக்கு எனக்கு முழுதாகக் கிடைப்பது அந்த வியாழன் ஒன்றுதான்.

வகுப்பை ரத்து செய்ய வேண்டாம் மிஸ். கணிதத் தேர்வுக்கு முன்பு உங்களிடம் ஒருமுறை உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். 90 மதிப்பெண்ணில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 35. அவற்றில் பகுமுறை வடிவியலில் வரும் பாலம், சுரங்கப்பாதைக் கணக்குகளில் ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு நேரம் போகிறது. பரவளைய வளைவுக்கு உச்சியை ஆதியாக எடுத்து x² = −4ay என்று நீங்கள் போட்டுக் காட்டியபோது நான்கே வரியில் விடை வந்தது. நானாகப் போடும்போது தரையில் ஆதியை வைத்துவிட்டு, சமன்பாடு நீண்டுகொண்டே போகிறது. இந்த வகைக் கணக்குகளை நான் போட, நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் போதும். வெக்டர் முறையில் cos(α + β) நிரூபணத்தையும், சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டில் வரும் குளிர்வு விதிக் கணக்கையும் ஒருமுறை எழுதிக் காட்டி உங்களிடம் திருத்தம் வாங்க வேண்டும். வியாழனுக்கென்று கொடுத்த தொகை நுண்கணித வீட்டுப்பாடத்தையும் சனிக்கிழமையே முடித்துக் கொண்டுவந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உங்களுக்குப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் வருவார்கள் என்று தெரியும். அதனால் அன்று காலை ஏழு முதல் ஒன்பது வரை, அல்லது மதியம் இரண்டு முதல் நான்கு வரை, எது உங்களுக்கு வசதியோ அதற்கு வருகிறேன். என் விருப்பம் காலை நேரம். திருத்தியதை வைத்து மீதி நாள் முழுவதும் பயிற்சி செய்யலாம். சனிக்கிழமை முடியவே முடியாது என்றால் ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் வரலாம். ஞாயிறு காலையில் துறைமுகத்தில் மீன் வாங்க வரும் கூட்டத்தில் அப்பாவால் நகர முடியாது, எங்கள் தெருவிலிருந்து ஆட்டோ வெளியே வருவதே கஷ்டம். அதனால்தான் ஞாயிறை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

என்னோடு வரும் சங்கீதாவிடமும் கேட்டேன். அவளுக்கும் இதே அட்டவணைதான், சனிக்கிழமை இரண்டு நேரமும் சரி என்றாள். ஆகவே நீங்கள் இருவருக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் மிஸ். மழை பலமாகி விடுமுறை அறிவித்தால் வேதியியல் தேர்வு தள்ளிப்போகலாம். அப்படி நடந்தாலும் சனிக்கிழமை வகுப்புக்கு வந்துவிடுவேன். கணிதத் தேர்வின் தேதியே மாறினால் மட்டும் அன்றே உங்களுக்குத் தெரிவிக்கிறேன். அடுத்த வாரம் வியாழன் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ். அன்று வகுப்பு உண்டா, வேறு நாளா என்பதையும் சொன்னால் வீட்டில் சொல்லிவைப்பேன்.

பகலில் போன் அம்மாவிடம் இருக்கும். நீங்கள் அனுப்புவதை அம்மா படித்துச் சொல்லிவிடுவார்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால், அதற்கேற்றபடி படிக்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்வேன். உங்கள் மற்ற வகுப்புகளுக்கு இடைஞ்சலாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் மிஸ், நீங்கள் சொல்லும் நேரத்துக்கு நாங்கள் வருகிறோம்.

நன்றி மிஸ்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி,
தமிழரசி
12ஆம் வகுப்பு, காசிமேடு