நவம்பர் 22 தேர்வுக்கு உன் மூன்று வாரம்

தம்பி, நேற்று போனில் சொன்னதை எழுதியே தருகிறேன், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள். உன் இங்கிலீஷ் தேர்வு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங், கம்ப்யூட்டரில், நவம்பர் 22 சனி. ஸ்பீக்கிங் மட்டும் 20 வியாழன் மதியம்.

உனக்கு வேண்டியது கனடா கேட்கும் மொழித் தர அளவான சிஎல்பியில் 9. அதாவது லிசனிங் 8, மற்ற மூன்றிலும் தலா 7. ஒன்றில் 6.5 வந்தாலும் போச்சு, சராசரி எவ்வளவு இருந்தாலும் உதவாது. ஞாயிறு நீ எழுதிப் பார்த்ததில் லிசனிங் 40-க்கு 36, அது ஏறக்குறைய 8, அதை இழக்காமல் வைத்திருந்தால் போதும். ரீடிங் 31, இன்னும் மூன்று நான்கு கேள்வி சரியானால் 7. ரைட்டிங்தான் வில்லங்கம்: கட்டுரையில் 40 நிமிஷத்தில் 190 வார்த்தை, கேட்பதோ 250. மூன்று வாரத்தில் உன் இங்கிலீஷ் மாறப்போவதில்லை, கையும் கடிகாரமும் பழகும், அவ்வளவுதான். அதனால் பாதி நேரம் ரைட்டிங்குக்கு.

முதல் வாரம், 3 முதல் 9 வரை. தினமும் காலை 5.45 முதல் 6.45 வரை எழுது. ராத்திரி என்று ஒத்திப்போடாதே, ஒயிட்ஃபீல்டு ஆபீஸிலிருந்து வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால் உனக்குக் கண் சொருகும் என்று எனக்குத் தெரியாதா. திங்கள், புதன், வெள்ளி கடிதம், 20 நிமிஷம், 150 வார்த்தை; மிச்ச நேரத்தில் அதைத் திருத்து. செவ்வாய், வியாழன் கட்டுரை. பெயர் தெரியாதவருக்கு 'டியர் சர் ஆர் மேடம்' என்று ஆரம்பித்தால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி', பெயர் தெரிந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி', நண்பனுக்கு இரண்டுமே வேண்டாம். ஆபீஸ் மெயிலில் ஒட்டிக்கொண்ட 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', 'ரிவர்ட் பேக்' எல்லாம் ஆபீஸிலேயே கிடக்கட்டும்.

அல்சூரில் மெட்ரோ ஏறி இறங்கும்வரை லிசனிங், ஒரு நாளைக்கு ஒரே பகுதி. தேர்வில் ஒருமுறைதான் ஓடும், அதனால் சத்தத்தில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான், பின்னால் தள்ளிக் கேட்காதே. திரும்பி வரும்போது ரீடிங், ட்ரூ-ஃபால்ஸ்-நாட் கிவன் மட்டும், நீ விட்ட ஒன்பதில் ஐந்து அதில்தான். லைப்ரரிக்கு ஞாயிறு விடுமுறை என்று பத்தியில் இருக்கிறது, சரியா? 'ஞாயிறும் லைப்ரரி திறந்திருக்கும்' என்றால் ஃபால்ஸ். 'ஞாயிறு விடுமுறைக்கு ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு' என்றால் நாட் கிவன். நீ என்ன செய்கிறாய், சம்பளம் கொடுக்காமலா இருப்பார்கள் என்று நீயாக ஒரு ட்ரூ போடுகிறாய்! பத்தியில் எந்த வரி என்று விரல் வைக்க முடியாவிட்டால் அது நாட் கிவன்.

இரண்டாம் வாரத்தில் 13-ம் தேதி உங்கள் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, அதனால் வியாழனும் வெள்ளியும் ஒன்றும் வைக்கவில்லை, குற்ற உணர்ச்சி இல்லாமல் தூங்கு. திங்கள் முதல் புதன் வரை காலையில் கட்டுரை மட்டும்: 5 நிமிஷம் யோசனை, 30 நிமிஷம் எழுத்து, 5 நிமிஷம் பிழை பார்ப்பது. மதிப்பெண்ணில் இந்தக் கட்டுரைக்குக் கடிதத்தைப் போல இரண்டு மடங்கு எடை. முதல் முறை நான் கடிதத்தை அழகாக்குகிறேன் பேர்வழி என்று 35 நிமிஷம் விட்டேன், ரைட்டிங்கில் 6.5 வாங்கிக்கொண்டு மறுபடியும் பணம் கட்டினேன்.

சனி 15 காலை லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றையும் இடைவெளி இல்லாமல் எழுது. கம்ப்யூட்டர் லிசனிங்கில் விடையை விடைத்தாளுக்கு மாற்றி எழுதப் பத்து நிமிஷம் தரமாட்டார்கள், சரிபார்க்க இரண்டு நிமிஷம்தான், அதனால் கேட்கும்போதே டைப் செய். ஞாயிறு மாலை ஏரிக்கரைக்கு வா. நான் தலைப்பு தருவேன், நீ ஒரு நிமிஷம் குறிப்பு எடுத்து இரண்டு நிமிஷம் பேசுவாய், போனில் பதிவு செய்வோம். மனப்பாடம் வேண்டாம், எதிரே இருப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரம் திங்கள் காலை இன்னொரு முழுத் தேர்வு, 5 மணிக்கே எழுந்தாக வேண்டும், வேறு வழியில்லை. செவ்வாய் அதில் விட்ட தப்புகள் மட்டும். புதன் ராத்திரி என்னோடு போனில் பேச்சு, 15 நிமிஷம். வியாழன் அரை நாள் லீவு இன்றைக்கே கேட்டு வை. வெள்ளி ஒரு கடிதம் எழுதிவிட்டு மூடி வை, புதிதாக எதையும் திறக்காதே.

அன்று ராத்திரி பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று பார், ஆதாரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்காதே. சனி காலை 6.45-க்கு ஸ்கூட்டரோடு கீழே நிற்பேன், குளித்துவிட்டு இறங்கு.