ஓலைச்சுவடி வாசிக்கத் தெரிந்தவரின் அறிமுகம் வேண்டும்

வணக்கம். அம்பாசமுத்திரத்தில் சித்த வைத்தியம் பார்த்துவந்த என் தாத்தா விட்டுச்சென்ற இரண்டு சுவடிக் கட்டுகளை, ஏறத்தாழ 140 ஏடுகளை, வாசிக்கத் தெரிந்த ஒருவரின் அறிமுகத்தை நாடி இதை எழுதுகிறேன். அவற்றை விற்கும் எண்ணம் எனக்கில்லை.

மூன்று மாதங்களாக நானே முயன்றேன். புள்ளி இல்லாததால் மெய்யா உயிர்மெய்யா என்று தெரியவில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. சுக்கு, திப்பிலி என்று சில சரக்குகளை இனங்காண முடிந்ததே தவிர, அளவுக் குறியீடுகள் வரும் இடங்களில் நின்றுவிட்டேன். மருந்தின் அளவை ஊகித்து எழுத மனம் ஒப்பவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. ஏழு ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுள்ளன. ஒன்றைப் பிரிக்க முயன்றபோது ஓரம் பொடிந்து கையோடு வந்துவிட்டது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவலாம் என்கிறார்கள். ஒட்டிய ஏடுகளுக்கும் அது பொருந்துமா என்பதை, சுவடிப் பாதுகாப்பில் அனுபவமுள்ளவர்கள் ஒரு வரியில் சொன்னாலும் பேருதவியாக இருக்கும்.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலோ சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ பணியாற்றி ஓய்வுபெற்றவர் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அவருடைய சம்மதம் பெற்ற பிறகு எனக்குச் செய்தி அனுப்புங்கள். முதலில் நான்கு ஏடுகளின் படங்களை மட்டும் அனுப்புவேன். அவற்றைப் பார்த்த பின் அவர் மறுத்தாலும் வருத்தமில்லை. வாசிப்புக்குரிய ஊதியத்தையும் பயணச் செலவையும் நான் ஏற்கிறேன். நெல்லை, தென்காசிப் பக்கத்தவர் என்றால் நானே சுவடிகளுடன் நேரில் வருவேன்.